நான்கே திசைகளில் சைக்ளோஹெக்சேன் நாற்காலி

கேள்வி: சைக்ளோஹெக்சேனின் நாற்காலி வடிவத்தை எப்போது வரைந்தாலும் கோணலாகிவிடுகிறது. ஆக்ஸியல் மேலேயா கீழேயா, ஈக்வடோரியல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதிலும் குழப்பம். படகு வடிவத்தையும் சேர்த்து, படிப்படியாகச் சொல்லுங்களேன்.

பதில்:

நாற்காலி கோணலாவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஆறு கோடுகளையும் ஆறு தனித்தனிக் கோடுகளாக நினைத்து வரைகிறோம். உண்மையில் வளையத்தில் மூன்றே திசைகள்தான் உள்ளன. எதிரெதிரே இருக்கும் கோடுகள் இரண்டிரண்டாக இணையானவை. வளையத்தோடு பன்னிரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளையும் போட்டால் மொத்தம் 18 கோடுகள் வரும். அவற்றுக்கும் நான்கே திசைகள் போதும்: வளையத்தின் மூன்று, அதோடு செங்குத்து. இந்த நான்குக்குள் அடங்காத கோடு ஒன்று படத்தில் இருந்தால் அது தவறான கோடு. சரிபார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

முதல் சில தடவை கட்டம் போட்ட தாளில் வரையுங்கள். கீழே (3, 2) என்று எழுதியிருந்தால் இடது ஓரத்திலிருந்து 3 கட்டம், அடியிலிருந்து 2 கட்டம் என்று பொருள். ஆறு கார்பன்களுக்கும் புள்ளி வையுங்கள்:

C1 (3, 2)
C2 (5, 5)
C3 (9, 4)
C4 (12, 5)
C5 (10, 2)
C6 (6, 3)

முதலில் C2–C3 கோட்டையும் C6–C5 கோட்டையும் போடுங்கள். இரண்டும் வலப்பக்கம் லேசாகச் சரியும் இணைகோடுகள். நான்கு கட்டம் போனால் ஒரு கட்டம் இறங்குகின்றன. மேலே இருப்பது பின்பக்கத்துப் பிணைப்பு, கீழே இருப்பது நம் பக்கத்துப் பிணைப்பு. அடுத்து இடது நுனியான C1-ஐ C2-வோடும் C6-வோடும் சேருங்கள். அதேபோல் வலது நுனியான C4-ஐ C3-வோடும் C5-வோடும் சேருங்கள். C1–C2 கோடும் C5–C4 கோடும் இணையாக, நிமிர்ந்தாற்போல் ஏறும். C1–C6 கோடும் C3–C4 கோடும் இணையாக, படுத்தாற்போல் ஏறும். அவ்வளவுதான், நாற்காலி வந்துவிட்டது. இடது நுனி கால் நீட்டும் பக்கம், வலது நுனி சாயும் முதுகு.

கட்டமில்லாத தாளில் வரையும்போது கெடுவது பெரும்பாலும் அந்த முதல் இரண்டு நீளக் கோடுகள்தான். அவற்றைப் படுகிடையாகப் போட்டுவிட்டால் நுனிகளில் வரவேண்டிய ஈக்வடோரியல் பிணைப்புகளும் படுகிடையாகிவிடும். பிறகு அது மேல் நோக்கியதா கீழ் நோக்கியதா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. ஒன்றுக்கு நேர் கீழே மற்றொன்றை வைப்பதும் தவறு. மேல் கோட்டைவிடக் கீழ்க் கோடு சற்று வலப்பக்கம் தள்ளியிருக்க வேண்டும். மேலே உள்ள புள்ளிகளில் அது ஒரு கட்டம் தள்ளியிருக்கிறது.

இனி ஆக்ஸியல். படத்தில் ஒவ்வொரு கார்பனும் ஒன்று முகடாக இருக்கும், இல்லையென்றால் பள்ளமாக இருக்கும். C2, C4, C6 ஆகியவை முகடுகள். அவற்றின் இரண்டு வளையப் பிணைப்புகளும் கீழே இறங்குகின்றன. C1, C3, C5 பள்ளங்கள். இரண்டு வளையப் பிணைப்புகளும் மேலே ஏறுகின்றன. முகட்டில் ஆக்ஸியல் நேராக மேலே, பள்ளத்தில் நேராகக் கீழே. ஒன்றரைக் கட்டம் நீளம் போதும். C2-லிருந்து (5, 6.5) வரை, C4-லிருந்து (12, 6.5) வரை, C6-லிருந்து (6, 4.5) வரை மேலே இழுங்கள். C1-லிருந்து (3, 0.5) வரை, C3-லிருந்து (9, 2.5) வரை, C5-லிருந்து (10, 0.5) வரை கீழே இழுங்கள். வளையத்தைச் சுற்றி வந்தால் கீழ், மேல், கீழ், மேல் என்று மாறி மாறி வரும்.

இதை மனப்பாடம் செய்வதைவிடக் காரணத்தோடு பார்ப்பது நல்லது. ஒவ்வொரு கார்பனையும் ஒரு முக்காலியாக நினையுங்கள். முகட்டுக் கார்பனில் மூன்று கால்கள் கீழே விரிந்து நிற்கின்றன. அவற்றில் இரண்டு வளையப் பிணைப்புகள், மூன்றாவது ஈக்வடோரியல். முக்காலியின் நடுவிலிருந்து நிமிர்ந்து நிற்கும் கம்பு ஆக்ஸியல். பள்ளத்துக் கார்பன் கவிழ்த்து வைத்த முக்காலி. ஆகவே முகட்டில் ஆக்ஸியல் மேலே போனால் ஈக்வடோரியல் சற்றே கீழே சாயத்தான் வேண்டும். பள்ளத்தில் ஆக்ஸியல் கீழே போனால் ஈக்வடோரியல் சற்றே மேலே. ஒரே கார்பனில் இரண்டும் மேலே, அல்லது இரண்டும் கீழே என்பது நான்முகி வடிவக் கார்பனில் நடக்காது. அப்படி வரைந்திருந்தால் படம் தவறு.

ஈக்வடோரியலின் சரிவை ஊகித்து வரையக்கூடாது. அதன் திசை படத்திலேயே இருக்கிறது. ஒரு கார்பனைத் தொடும் இரண்டு வளையப் பிணைப்புகளை விட்டுவிடுங்கள். அவற்றுக்கு அடுத்த வளையப் பிணைப்பு எதுவோ அதற்கு இணையாக, வளையத்தைவிட்டு வெளியே போகும்படி இழுங்கள். C1-ஐ எடுத்துக்கொள்வோம். அது தொடுவது C1–C2, C1–C6 இரண்டையும். அவற்றுக்கு அடுத்தவை C2–C3, C6–C5. அந்த நீளக் கோடுகளுக்கு இணையாக இடப்பக்கம் வெளியே போனால் (1, 2.5) வரும். C1 பள்ளம், கோடு சற்றே மேலே ஏறியிருக்கிறது, விதி பொருந்துகிறது. இதே வழியில் மற்றவை:

C2-லிருந்து (3.5, 4.5)
C3-லிருந்து (10, 5.5)
C4-லிருந்து (14, 4.5)
C5-லிருந்து (11.5, 2.5)
C6-லிருந்து (5, 1.5)

C3-லும் C6-லும் கவனம் வேண்டும். அங்கே ஈக்வடோரியல் நிமிர்ந்தாற்போன்ற C1–C2 திசையில் போவதால் பார்வைக்கு ஆக்ஸியல் போலவே நிமிர்ந்து நிற்கும். அதைப் பார்த்து மிரண்டு கிடையாகச் சாய்த்துவிடாதீர்கள். நம் பார்வைக் கோணம்தான் அதை நிமிர்த்திக் காட்டுகிறது. மூலக்கூற்றில் அது மற்ற ஈக்வடோரியல்களைப் போலவே வெளிநோக்கித்தான் இருக்கிறது.

அடுத்து, பலரும் தடுக்கி விழும் இடம். மேல்–கீழ் என்பது வேறு, ஆக்ஸியல்–ஈக்வடோரியல் என்பது வேறு. ஒவ்வொரு கார்பனிலும் ஒரு மேல் பிணைப்பும் ஒரு கீழ்ப் பிணைப்பும் உண்டு. சிஸ், டிரான்ஸ் என்பதை முடிவு செய்வது மேல்–கீழ் மட்டுமே. C1-ல் மேல் பிணைப்பு ஈக்வடோரியல். C2-ல் மேல் பிணைப்பு ஆக்ஸியல். எனவே பக்கத்துப் பக்கத்துக் கார்பன்களில் இரண்டு தொகுதிகளும் மேலே இருந்தால், அதாவது சிஸ் ஆக இருந்தால், ஒன்று ஆக்ஸியலாகவும் மற்றொன்று ஈக்வடோரியலாகவும்தான் அமையும்.

மெந்தாலை வரைந்தால் இது தெளிவாகிவிடும். புதினா எண்ணெயில் கிடைக்கும் (−)-மெந்தாலின் அமைப்பு (1R,2S,5R). C1-ல் OH, C2-ல் ஐசோபுரோப்பைல், C5-ல் மெத்தில். தட்டையான அறுகோணமாக எழுதி, கடிகாரச் சுற்றில் எண்ணிட்டால் OH தடித்த ஆப்பில், ஐசோபுரோப்பைல் கோடிட்ட ஆப்பில், மெத்தில் தடித்த ஆப்பில் வரும். அதாவது மேல், கீழ், மேல். நாற்காலிக்கு மாற்றும்போது நான் கொடுத்த எண்களும் கடிகாரச் சுற்றில்தான் போகின்றன என்பதைக் கவனியுங்கள். எண்களை எதிர்ச்சுற்றில் போட்டுவிட்டு மேல்–கீழை மட்டும் அப்படியே வைத்தால் வருவது (−)-மெந்தால் அல்ல, அதன் ஆடிப் பிம்பமான (+)-மெந்தால்.

C1 பள்ளம். அங்கே மேல் பிணைப்பு ஈக்வடோரியல், OH அங்கே போகிறது. C2 முகடு. அங்கே கீழ்ப் பிணைப்பு ஈக்வடோரியல், ஐசோபுரோப்பைல் அங்கே. C5 பள்ளம். மேல் பிணைப்பு ஈக்வடோரியல், மெத்தில் அங்கே. மூன்றும் ஈக்வடோரியல்! நல்ல இடம் மூன்றுக்கும் ஒரே நாற்காலியில் கிடைத்துவிடுகிறது.

மற்ற நாற்காலியையும் வரைந்தால்தான் இந்த ஒப்பீடு முழுமையாகும். இங்கேதான் இன்னொரு தவறு நேர்கிறது: தாளை 180 பாகை திருப்பி, அதையே இரண்டாவது நாற்காலி என்று வரைந்துவிடுகிறார்கள். திருப்பிப் பாருங்கள், முதல் படத்தின் மீதே அச்சாகப் பொருந்தும். அது அதே நாற்காலிதான். புரட்டிய நாற்காலியில் ஒவ்வொரு முகடும் பள்ளமாக, ஒவ்வொரு பள்ளமும் முகடாக மாறியிருக்க வேண்டும். அதன் புள்ளிகள்:

C1 (3, 5)
C2 (6, 4)
C3 (10, 5)
C4 (12, 2)
C5 (9, 3)
C6 (5, 2)

இப்போது இடது நுனி மேலே, வலது நுனி கீழே. நீளக் கோடுகள் வலப்பக்கம் ஏறுகின்றன. எண்கள் முன்பு போலவே கடிகாரச் சுற்றில். புரட்டும்போது மேலே இருந்தது மேலேயே இருக்கும், கீழே இருந்தது கீழேயே இருக்கும். ஆக்ஸியலும் ஈக்வடோரியலும் மட்டும் இடம் மாறும். C1 இப்போது முகடு, மேல் பிணைப்பு ஆக்ஸியல். OH நேராக மேலே. C2 பள்ளம், ஐசோபுரோப்பைல் நேராகக் கீழே. C5 முகடு, மெத்தில் நேராக மேலே. மூன்றும் ஆக்ஸியல். C1-ன் OH-உம் C5-ன் மெத்திலும் வளையத்தின் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று பார்த்தபடி நெருக்குகின்றன. C3-ன் ஆக்ஸியல் ஹைட்ரஜனும் அதே பக்கம்தான். இந்த நெருக்கடிதான் 1,3-இரு ஆக்ஸியல் விலக்கம். C2-லும் C5-லும் ஆக்ஸியல் கோடு வளையத்துக்குள்ளேயே முடிவதால் தொகுதியின் பெயரை எழுத இடம் இருக்காது. அப்போது கோட்டை நீட்டி வளையத்துக்கு வெளியே எழுதுங்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில், பின்னால் போகும் கோட்டைச் சிறிது விட்டு வரையுங்கள்.

நெருக்கடி எவ்வளவு என்பதற்கு மெத்தில் சைக்ளோஹெக்சேன் ஒரு நல்ல அளவுகோல். ஒரேயொரு மெத்தில் ஆக்ஸியலில் இருந்தால், ஈக்வடோரியலில் இருப்பதைவிட மோலுக்குச் சுமார் 7.3 கிலோ ஜூல் ஆற்றல் கூடுகிறது. அந்தச் சிறிய வேறுபாட்டுக்கே 25 °C-ல் ஏறக்குறைய 95 விழுக்காடு மூலக்கூறுகள் ஈக்வடோரியல் நாற்காலியில் இருக்கின்றன. இரண்டு நாற்காலிகளும் தனித்தனிச் சேர்மங்கள் அல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும். சைக்ளோஹெக்சேனில் புரட்டலுக்கான தடை சுமார் 45 கிலோ ஜூல்தான். அறை வெப்பநிலையில் ஒரு மூலக்கூறு நொடிக்கு ஒரு லட்சம் தடவை என்ற அளவில் புரண்டுகொண்டிருக்கிறது.

இரண்டாவது நாற்காலியை வரைவது மதிப்பெண்ணுக்காக மட்டும் இல்லை. மெந்தாலின் OH இடத்தில் அதே பக்கம் Cl இருக்கும் மெந்தைல் குளோரைடை எடுத்து, வலுவான காரத்தோடு E2 நீக்கம் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வினைக்கு Cl-உம் பக்கத்துக் கார்பனின் H-உம் எதிரெதிர் ஆக்ஸியலாக நிற்க வேண்டும். முதல் நாற்காலியில் Cl ஈக்வடோரியல். எனவே அதில் வினை நடக்காது. புரட்டிய நாற்காலியில் Cl மேலே ஆக்ஸியல். அதற்கு எதிராகக் கீழ் நோக்கி C2-ல் நிற்பது ஐசோபுரோப்பைல், C6-ல் நிற்பது H. ஆகவே C6 பக்கம் மட்டுமே நீக்கம் நடந்து 2-மெந்தீன் ஒன்றுதான் கிடைக்கிறது. Cl கீழ்ப்பக்கம் இருக்கும் நியோமெந்தைல் குளோரைடிலோ, முதல் நாற்காலியிலேயே Cl ஆக்ஸியல். C2, C6 இரண்டிலும் மேல் நோக்கிய ஆக்ஸியல் H தயாராக நிற்கிறது. அது சுமார் 200 மடங்கு வேகமாக வினைபுரிந்து, முக்கியமாக 3-மெந்தீனைத் தருகிறது. இவ்வளவும் நீங்கள் வரைந்த இரண்டு படங்களிலேயே தெரிகிறது. வளையத்துக்குத் தட்டையில்லாத இரண்டு வடிவங்கள் இருக்க முடியும் என்று ஹெர்மன் சாக்ஸே 1890-லேயே சொன்னார். அதை வேதியியலர்கள் வினைகளோடு பொருத்திப் பார்க்கத் தொடங்கியது 1950-ல் டெரெக் பார்ட்டன் எழுதிய பிறகுதான். எலக்ட்ரான் விளிம்பு விளைவால் நாற்காலியை உறுதிப்படுத்திய ஆட் ஹாசெலும் பார்ட்டனும் 1969-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

படகுக்கு வருவோம். நாற்காலியில் ஒரு நுனி மேலே, ஒரு நுனி கீழே. படகில் இரண்டு நுனிகளும் மேலே. புள்ளிகள்:

C1 (2, 6)
C2 (5, 4)
C3 (9, 4)
C4 (11, 6)
C5 (8, 2)
C6 (4, 2)

முதலில் C2–C3, C6–C5 கோடுகளைப் போடுங்கள். இங்கே அவை படுகிடையாக இருக்கலாம். C1-ஐ C2, C6 இரண்டோடும், C4-ஐ C3, C5 இரண்டோடும் சேருங்கள். C6–C5 நம் பக்கம் என்பதால் அதைத் தடித்த கோடாக்கினால் படம் உடனே புரியும்.

படகில் முக்கியமாகக் குறிக்க வேண்டியவை நுனிகளில் உள்ள நான்கு பிணைப்புகள். C1-லிருந்து (2.5, 8) வரையும் C4-லிருந்து (10.5, 8) வரையும் ஏறும் பிணைப்புகள், சற்றே ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தவை. இவை கொடிக்கம்ப ஹைட்ரஜன்கள். C1-லிருந்து (0, 6), C4-லிருந்து (13, 6) என்று வெளியே நீள்பவை படகின் மூக்குக் கட்டைகள் போன்றவை. கொடிக்கம்பங்களை நேர் செங்குத்தாகவோ வெளிப்பக்கம் சாய்த்தோ வரைந்தால் படகின் சிக்கலே படத்தில் மறைந்துவிடும். அந்த இரண்டு ஹைட்ரஜன்களுக்கும் இடையே சுமார் 1.8 ஆங்ஸ்ட்ராம்தான் இடைவெளி. நெருக்கமில்லாமல் இருக்க 2.4 ஆங்ஸ்ட்ராம் வேண்டும். அடித்தளத்தில் இன்னொரு தொல்லை: C2–C3, C5–C6 பிணைப்புகளின் வழியே பார்த்தால் முன்னால் உள்ள ஹைட்ரஜன்கள் பின்னால் உள்ளவற்றை அப்படியே மறைக்கின்றன. நாற்காலியில் இந்த மறைத்தல் எங்குமே கிடையாது. இந்த இரண்டு காரணங்களாலும் படகின் ஆற்றல் நாற்காலியைவிட மோலுக்குச் சுமார் 29 கிலோ ஜூல் அதிகம். படகைச் சற்று முறுக்கினால் கொடிக்கம்பங்கள் விலகி, மறைத்தலும் குறைந்து, சுமார் 23 கிலோ ஜூலில் நிற்கும். அது முறுக்குப் படகு. புரட்டலின் நடுவே மூலக்கூறு சற்றாவது தங்கும் இடம் அதுதான். சமச்சீரான படகில் அது தங்குவதில்லை.

ஆக்ஸியல், ஈக்வடோரியல் என்ற பெயர்களைப் படகின் மீது எழுத வேண்டாம். அவை நாற்காலியின் செங்குத்து அச்சை வைத்து வந்த பெயர்கள். அடித்தளக் கார்பன்கள் நான்கிலும் ஒரு பிணைப்பு கீழ் நோக்கியும் மற்றொன்று வெளி நோக்கியும் இருக்கும். கீழ் நோக்கியவற்றை மட்டும் ஒன்றரைக் கட்டம் இறக்கிக் காட்டினால் போதும். வெளி நோக்கியவை இந்தப் பார்வைக் கோணத்தில் வளையக் கோடுகளோடு ஏறக்குறைய ஒட்டிக்கொள்வதால் படத்தைக் குழப்பும். அவற்றைக் காட்டத்தான் வேண்டும் என்றால் C2–C3 பிணைப்பின் வழியே நியூமன் படம் ஒன்றைப் பக்கத்தில் வரையுங்கள்.

வேறு வழியில்லாமல் படகிலேயே நிற்கும் வளையமும் உண்டு, நம் வீட்டுப் பூஜைக் கற்பூரத்தில். இப்போது வரைந்த படகில் கொடிக்கம்ப ஹைட்ரஜன்கள் இரண்டையும் அழித்துவிட்டு, (6.5, 8)-ல் C7 என்று ஒரு கார்பன் வைத்து C1, C4 இரண்டோடும் சேருங்கள். C7-ல் இரண்டு மெத்தில், C1-ன் மூக்குக் கட்டை இடத்தில் ஒரு மெத்தில், C2-ல் இரட்டைப் பிணைப்போடு ஓர் ஆக்சிஜன். நுனிகள் இரண்டையும் ஒரே கார்பன் இழுத்துக் கட்டியிருப்பதால் எந்த நுனியும் கீழே இறங்க முடியாது. இந்த வளையம் நாற்காலியாகப் புரள வழியே இல்லை.